அப்பப்பாவின் நெற்றி

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நவரட்ணம் மாஸ்ரர் தன் கடைப் படியேறுவார் என்று நிருஷன் கனவிலும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால், அன்றைக்கென்று பார்த்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், நெற்றி நிறைய விபூதியைப் பூசிக்கொண்டு வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க மாட்டான்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முதலில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே மாஸ்ரர். மாஸ்ரருக்குப் பின்னால் ஜெயந்தினி. அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு விரலால் தன் நெற்றியைத் தொட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு இழுவை இழுத்தாள். மூன்று வருடம் காதலித்தவனுக்கு இதற்குமேல் விளக்கவுரை தேவையில்லை. நிருஷன் மேசைக்குக் கீழே குனிந்து, பேனா தேடுகிறவன்போல லேஞ்சியை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தான். நிமிர்ந்தபோது நெற்றி வழவழவென்று இருந்தது. மனம்தான் கொஞ்சம் உறுத்தியது. பிள்ளையாரிடம் மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

விஷயம் இதுதான். ஜெயந்தினி புரட்டஸ்தாந்து வீட்டுப் பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் மியூரியல் தம்பியைக் கேட்காமல் ஒரு தேங்காய் உடைக்க மாட்டார். அந்தத் தம்பிதான் நவரட்ணம் மாஸ்ரர். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், ஆனால் படிப்பிப்பதிலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர். நிருஷன் என்றொரு சைவப் பெடியனைக் கட்டப்போகிறேன் என்று ஜெயந்தினி வீட்டில் வாய் திறந்த அன்று, மாஸ்ரர் கையை உயர்த்தி அவளை அத்தோடு நிறுத்திவிட்டார்.

“அப்பப்பா, அப்பா, நான், இப்ப நீ. நாலு தலைமுறையாய் எங்கடை வீட்டிலை ஆரின்ரை நெத்தியிலையும் ஒண்டும் ஏறேல்லை. இனியும் ஏறாது.”

பெடியன் என்ன தொழில், எந்த ஊர் என்று ஒரு சொல் கேட்கவில்லை. அந்தக் கேட்காத காதைத்தான் ஜெயந்தினி இப்போது பயன்படுத்திக்கொண்டாள். மாமா முதலில் ஆளைப் பார்க்கட்டும், வேலையைப் பார்க்கட்டும், பிடித்துப்போகட்டும். பெயரைப் பிறகு சொல்லலாம் என்பது அவள் கணக்கு. பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவளுக்கு எந்தக் கோப்பை எதற்கு முன் வைக்கவேண்டும் என்று தெரியும். அந்தக் கணக்கை நிருஷனுக்கு முன்கூட்டிச் சொல்லத்தான் மறந்துவிட்டாள்.

மாஸ்ரர் குடையை மடக்கிவிட்டு வெளியே பெயர்ப்பலகையை ஒருதரம் எட்டிப் பார்த்தார். ‘லெனாட் ஸ்ரூடியோ’ என்று இருந்தது.

“நீர்தானே லெனாட்?”

லெனாட் எட்டு வருடத்துக்கு முன்னரே கடையை நிருஷனிடம் விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். சாவகச்சேரிச் சனத்துக்குப் பழகிய பெயரென்று பலகையை மாற்றாமல் விட்டிருந்தான். இதையெல்லாம் சொல்ல நிருஷன் வாயைத் திறந்தான். மாமாவுக்குப் பின்னால் ஜெயந்தினி வேகமாகத் தலையை ஆட்டினாள். ஓம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று விளங்காமல் அவன் வாயை மூடிக்கொண்டான்.

“நல்லது. எங்கடை ஆள்தான்,” என்று மாஸ்ரர் கிறிஸ்தவப் பெயரைக் கொண்டு தானே முடிவெடுத்து, கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். பிறகு ஒரு பழுப்புக் கடித உறையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து, இரண்டு கையாலும் மேசையில் வைத்தார்.

கலியாணம் முடித்த கையோடு எடுத்த படம். ஏறக்குறைய நூறு வயது. மாப்பிள்ளை கதிரையில் இருக்க, பெண்பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள். இரண்டாயிரமாம் ஆண்டு யுத்த இடம்பெயர்வில் மியூரியல் படச்சட்டத்தை உடைத்து, படத்தை மட்டும் நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். படம் தப்பியது. ஆனால் குறுக்காக ஒரு மடிப்பு, நெடுக்காக ஒரு மடிப்பு. இடது கரையில் தொடங்கிய கிழிசல் மாப்பிள்ளையின் காதுவரை வந்து நின்றது. யாரோ ஒட்டிய செலோரேப் தேன் நிறத்துக்குப் போயிருந்தது. பெண்பிள்ளையின் பக்கம் மங்கி, கழுத்துக்குக் கீழே வெறும் பால் நிறம். கதிரையில் இருப்பவரின் தலை சரியாகப் படத்தின் நடு உயரத்தில் இருந்ததால், குறுக்கு மடிப்பு அவருடைய நெற்றியின் நடுவாகவே போயிருந்தது.

“எங்கடை அப்பப்பாவும் அப்பம்மாவும்,” என்றார் மாஸ்ரர். “கனடாவிலை இருக்கிற மருமகன் றயன், போனிலை ஏதோ ஒண்டுக்குள்ளை இதைப் போட்டு எடுத்து அனுப்பினவன். அப்பப்பா முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரிக்கிறார். அப்பம்மாவுக்கு உதட்டுச் சாயம்! எங்கடை அப்பப்பா ஆயுளிலை பல்லைக் காட்டினவரில்லை.”

“மெஷின் சும்மா ஊகிச்சுப் போடும் சேர். நான் இருக்கிறதை வைச்சுத்தான் செய்வன்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். இருக்கிறது இருக்கோணும். இல்லாதது வரப்படாது. வாற சனிக்கு அடுத்த சனி வீட்டிலை ஜெபக்கூட்டம். குடும்பம் முழுக்க வருது. போதகர்தான் படத்தைத் திறந்து வைக்கிறார்.”

‘இருக்கிறது இருக்கோணும்’ என்ற அந்தச் சொல் பிறகு யாரைத் திருப்பிக் கடிக்கப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நிருஷன் செலோரேப்பில் கை வைக்கவில்லை. உரித்தால் அதோடு படமும் உரிந்து வரும். அப்படியே ஸ்கானர் கண்ணாடியில் வைத்து, கறுப்பு வெள்ளைப் படமென்றாலும் கலரில் ஸ்கான் செய்தான். கலரில் எடுத்தால்தான் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். மஞ்சள் கறையும் செலோரேப்பும் நீலத்தில் கரியாகத் தெரியும், சிவப்பில் அநேகமாக மறைந்துவிடும். சிவப்பை எடுத்து வேலை செய்தால் பாதிக் கறை தானாகவே போய்விடும். பிறகு வழக்கப்படி படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு ஸ்கானும் எடுத்து வைத்தான். ஒரிஜினலைக் கையோடு மாஸ்ரரிடமே திருப்பிக் கொடுத்தான். அது நல்ல பழக்கம். மாஸ்ரருக்கும் அது பிடித்துப்போனது.

மூன்று நாள் அவன் வேறு வேலை பார்க்கவில்லை. பாஸ்போட் படம் எடுக்க வந்தவர்களைக்கூடச் சிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அவசர அவசரமாக எடுத்து அனுப்பினான். ஜெயந்தினியின் மாமாவுடைய பாட்டனார் அல்லவா! பக்கத்தில் இருக்கும் நல்ல பகுதியிலிருந்து பொட்டுப் பொட்டாக எடுத்துக் கிழிசலை அடைத்தான். காது மடலைத் திருப்பிக் கட்டினான். நெற்றிக்கு வந்தபோது குறுக்கே மூன்று வெள்ளைக் கோடு இருந்தது. நடுவில் ஒன்று தடிப்பாக, மேலும் கீழும் மெல்லியதாக. மடித்த இடத்தில் ஒன்றுக்கு மூன்றாக வெடித்திருக்கிறது என்று நினைத்து மூன்றையும் மூடினான். அப்பப்பாவின் நெற்றியும் வழவழவென்று வந்தது.

செவ்வாய்க்கிழமை மாஸ்ரர் மியூரியலையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். திரையில் பார்த்த மாத்திரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

“லெனாட் தம்பி, உமக்குச் சுத்தமான கை. உம்மைப்போலை ஒரு பெடியனை எங்கடை ஜெயந்தினி பாத்திருக்கக்கூடாதோ! இவள் எங்கேயோ ஒரு நிருஷனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்.”

நிருஷன் போத்தலை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தான்.

மியூரியல் மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பம்மாவின்ரை பக்கம் புள்ளி புள்ளியாய்க் கிடக்குதே. வெளிச்சம் பட்ட மாதிரி,” என்றார்.

அவர் சொன்னது சரி. அந்தக் காலத்துக் கடதாசி சொரசொரப்பானது. ஸ்கானரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிக்கும்போது மேடு பளபளக்கும், பள்ளத்தில் நிழல் விழும். தலைகீழாக எடுத்த இரண்டாவது ஸ்கானை நேராக்கி முதலாவதின் மேல் பொருத்திக் கலந்தால், ஒன்றில் மினுங்கியது மற்றதில் நிழலாகி, ஒன்றையொன்று தின்றுவிடும். இந்த வேலையை முதலே செய்திருக்கவேண்டும். பதற்றத்தில் விட்டிருந்தான்.

புதன் மத்தியானம் அதைச் செய்ய உட்கார்ந்தான். இரண்டு ஸ்கானையும் பொருத்தி, மேலே இருந்ததை அணைத்தும் போட்டும் பார்த்தான். அப்பம்மாவின் சேலைப் புள்ளிகள் இடம் மாறி மாறி மினுங்கின. குறுக்கு மடிப்பின் நிழல் ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் விழுந்தது. எல்லாம் சரி. ஆனால் நெற்றியில் மேல் கோடும் கீழ்க் கோடும் அசையவே இல்லை. நிழலும் இல்லை, மினுக்கமும் இல்லை.

அவன் பெருப்பித்துப் பார்த்தான். அந்த இரண்டு கோடுகளும் நெற்றியின் வளைவோடு வளைந்து, தலைமயிர் தொடங்குமுன் இரண்டு பக்கமும் மரியாதையாக நின்றன. மடிப்புக்கு முகம் எங்கே முடிகிறதென்று தெரியாது. அது காதுக்கு மேலாலும் போகும், கதிரைக்கு மேலாலும் போகும். நடு மடிப்புக்கு அடியில் இன்னொரு கோட்டின் இரண்டு முனையும் எட்டிப் பார்த்தன.

விபூதி. மூன்று குறி. அச்சொட்டாக.

சைவப் பிள்ளையாகப் பிறந்து, வெள்ளி தவறாமல் பூசுகிறவன், தானே தன் கையால் அதை வெடிப்பென்று நினைத்து அழித்திருக்கிறான். நிருஷனுக்குச் சிரிப்பு வந்தது. மங்கிய பக்கத்தின் கறுப்பை மெல்ல இறக்கிப் பார்த்தபோது, அப்பம்மாவின் பால் நிறக் கழுத்திலிருந்து இன்னொன்று எழும்பி வந்தது. சின்னஞ்சிறு குருசு ஒன்று, மெல்லிய சங்கிலியில்.

ஜெயந்தினிக்கு எடுத்தான். அவள் அலுவலகத்தில் கத்தியே விட்டாள்.

“திருப்பிப் போடுங்கோ! உடனை போடுங்கோ! மாமாவின்ரை நாலு தலைமுறை மூண்டாய்ப் போச்சு!”

“போடலாம். போட்டால், நான் ஆரெண்டு தெரிய வாற அண்டைக்கு உன்ரை மாமா என்ன சொல்லுவார்? ‘சைவப் பெடியன் எங்கடை அப்பப்பாவுக்குக் களவாய் விபூதி பூசிப்போட்டான்’ எண்டுவார். பிறகு நீயும் இல்லை, கடையும் இல்லை.”

“அப்ப போடாதேங்கோ.”

“போடாட்டி, நான் செய்தது திருத்தமில்லை. அழிப்பு.”

போடாவிட்டால் மாஸ்ரர் சந்தோஷமாகப் படத்தைக் கொண்டுபோவார். லெனாட் தம்பியை ஊர் முழுக்கப் புகழ்வார். நிருஷன் என்றைக்கும் வெளியில்தான். ஜெயந்தினி மெல்லக் கேட்டாள். “நீங்கள் என்ன செய்யப் போறியள்?”

“வெள்ளிக்கிழமை அம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. ஒரிஜினலையும் கொண்டு வரச் சொல்லு.”

வெள்ளிக்கிழமை நிருஷன் கோயிலுக்குப் போனான். நெற்றி நிறையப் பூசினான். இம்முறை லேஞ்சியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தான்.

மாஸ்ரர் கடைக்குள் வந்து குடையை மடக்கியவர், மடக்கியபடியே நின்றார்.

“லெனாட், உதென்ன நெத்தியிலை?”

“விபூதி சேர். நான் லெனாட் இல்லை. லெனாட் அண்ணை கனடாவிலை. நான் நிருஷன்.”

மாஸ்ரர் மருமகளைப் பார்த்தார். மருமகள் சுவரில் இருந்த பாஸ்போட் பட விலைப்பட்டியலை மிகுந்த கவனத்தோடு வாசித்தாள்.

“ஓ! அந்த நிருஷனோ! ரண்டு பேரும் சேர்ந்து எனக்கு நாடகம் காட்டினியளோ?” மாஸ்ரரின் குரல் பள்ளிக்கூட மண்டபக் குரலாக மாறியது. “அக்கா, எழும்பு. போவம்.”

“நான் இப்பதான் இருந்தனான்,” என்றார் மியூரியல். “படத்தைப் பாத்திட்டுப் போவம்.”

நிருஷன் திரையைத் திருப்பினான். மூன்று குறியோடு அப்பப்பா கம்பீரமாக இருந்தார். மாஸ்ரருக்கு முகம் சிவந்து, கறுத்து, மறுபடி சிவந்தது.

“ஐயையோ, பூசிப்போட்டான்! எங்கடை அப்பப்பாவுக்கு விபூதி பூசிப்போட்டான்!”

“பூசேல்லை சேர். நான் முதல் அதை அழிச்சுப்போட்டன். அதுதான் பிழை. ஒரிஜினல் உங்கடை கையிலைதான் இருக்குது. நீங்களே ஸ்கானரிலை வையுங்கோ. நான் தொடேல்லை.”

தொடவே மாட்டேன் என்று சொன்னவனோடு சண்டை பிடிப்பது கஷ்டம். மாஸ்ரர் விறைத்த கையோடு படத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். ஒருதரம் நேராக, ஒருதரம் தலைகீழாக. இரண்டையும் நிருஷன் திரையில் நேராக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

“உதிலை எனக்கு என்ன தெரியும்? கோடுதானே.”

“விளக்கு ஒரு பக்கத்தாலைதான் அடிக்குது சேர்.”

அவ்வளவுதான் நிருஷன் சொன்னான். மிச்சத்தை முப்பத்தொரு வருடப் பழக்கம் பார்த்துக்கொண்டது. மாஸ்ரரின் விரல் தானாகவே எழுந்து கரும்பலகையைச் சுட்டுவதுபோல் திரையைச் சுட்டியது.

“ஒரு பக்கத்தாலை அடிச்சால், மேட்டுக்கு மற்றப் பக்கம் நிழல் விழோணும். படத்தைத் திருப்பி வைச்சால் நிழலும் பக்கம் மாறோணும். அக்கா, இஞ்சை பார். இதுதான் மடிப்பு. நிழல் இதிலை மேலை, அதிலை கீழை. மாறிப்போச்சு. விளங்குதோ? எனவே இது கடதாசியிலை இருக்கிற சேதம். இப்ப இந்தக் கோட்டை எடுப்பம். இதிலை நிழல் எங்கை? இல்லை. அதிலை? அதிலையும் இல்லை. மாறவேயில்லை. அப்ப இது கடதாசியிலை இல்லை. படம் எடுத்த நேரத்திலையே…”

விரல் அந்தரத்தில் நின்றது.

“சொல்லு தம்பி,” என்றார் மியூரியல். “படம் எடுத்த நேரத்திலையே?”

“…நெத்தியிலை இருந்திருக்கு,” என்றார் மாஸ்ரர், தன் விடைத்தாளில் தானே பூச்சியம் போட்டவர்போல.

ஒரிஜினலை எடுத்து மேசைவிளக்குக்குக் கீழே சரித்துச் சரித்துப் பார்த்தார். மடிப்பு வெடித்துப் பளபளத்தது. மற்ற இரண்டு கோட்டுக்கும் மேலே கடதாசி ஒரு கீறலில்லாமல் கிடந்தது. திடீரென்று அவருக்கு ஒரு பிடி கிடைத்தது.

“நடுவிலை இருக்கிற குறி? அது மடிப்புக்குள்ளை போயிட்டுது. அப்ப அது உம்மடை கைவேலை!”

“ஓம் சேர். ரண்டு முனையும் அவரின்ரை. நடுத்துண்டு மாத்திரம் மேல் குறியிலையிருந்து எடுத்துப் பொருத்தினது. ஒளிக்கேல்லை.”

மாஸ்ரர் கதிரையில் அமர்ந்தார். ஒரு மாணவன் தன் பிழையை மறைக்காமல் சொன்னால் அவன்மேல் கோபப்பட அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. அது அவருடைய பலவீனம். சற்றுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்குப் போதகர் வாறார். கொஞ்சம் மங்கலாக்கேலாதோ?”

“எத்தனை வீதம் எண்டு சொல்லுங்கோ சேர். குறி தனி லேயரிலை இருக்குது, கூட்டிக் குறைக்கலாம்.”

“பத்து.”

“பத்திலை தெரியவே தெரியாது மாமா,” என்றாள் விலைப்பட்டியலை வாசித்து முடித்த ஜெயந்தினி. “எழுவது.”

“எழுவதோ! முப்பது. அதுக்கு மேலை ஒரு புள்ளி ஏறாது.”

சந்தையில் மீனுக்குக்கூட அந்தக் குடும்பம் இப்படிப் பேரம் பேசியிருக்காது. அவர்கள் சொன்ன சொன்ன இலக்கத்துக்கெல்லாம் நிருஷன் அப்பப்பாவின் நெற்றியை ஏற்றி இறக்கினான். அப்பப்பா எல்லாவற்றுக்கும் அதே முறைப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“நூறு,” என்றார் மியூரியல்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தம்பியைக் கேட்காமல் தேங்காய் உடைக்காத மனுஷி. அவர் பெண்பிள்ளையின் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

“நவம், இதையும் பார். அப்பம்மா மிஷன் போடிங் பள்ளியிலை படிச்சவ. கழுத்திலை குருசு கிடக்குது. பக்கத்திலை அவர் விபூதியோடை இருக்கிறார். அவர் எங்கடை வேதத்துக்கு வந்தது பிறகுதான் போலை. அண்டைக்கு இவவும் அவரைத் துடையுங்கோ எண்டு சொல்லேல்லை, அவரும் இவவைக் கழட்டு எண்டு சொல்லேல்லை. இதை நான் கைப்பைக்குள்ளை வைச்சுக்கொண்டு ஷெல்லுக்குள்ளாலை ஓடினனான். ரண்டு பேரையும் முழுசாய் வைச்சிருக்கத்தான் ஓடினனான். நீயே சொன்னனி, இருக்கிறது இருக்கோணும் எண்டு.”

மியூரியலின் கண் கலங்கியிருந்தது. ஜெயந்தினி தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நிருஷன் நூறில் விட்டு, அச்சுக்குக் கொடுத்தான். மாஸ்ரர் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். படம் வந்ததும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்தார். நிருஷன் நீட்டிய அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார்.

பிறகு குடையை எடுத்தார். பெட்டியை எடுக்கவில்லை.

“சட்டம் போட்டு நாளைக்கு வீட்டை கொண்டு வாரும். மூண்டு மணிக்குக் கூட்டம். வெள்ளனவே வந்தால் ஆணி அடிக்கவும் ஆள் வேணும்.”

நிருஷனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. ஜெயந்தினிக்கு விளங்கிவிட்டது; அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நுணாவில் கிராமத்தில் அவள் வீட்டு வாசல் படலையைத் தாண்டி அவனை ஒருநாளும் யாரும் கூப்பிட்டதில்லை.

“வாறன் சேர்.” அவன் தயங்கித் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். “இதைத் துடைச்சுப்போட்டு வரட்டோ?”

மாஸ்ரர் கதவைத் திறந்தபடி நின்றார். அவனுடைய நெற்றியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

“எங்கடை அப்பப்பா துடைக்காமல் அப்பம்மா வீட்டுக்கு மாப்பிள்ளையாய் வந்தவர். நீர் மாத்திரம் ஏன் துடைக்கிறீர்?”

படியிறங்கிக் குடையை விரித்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து கதவுக்குள் தலையை மட்டும் நீட்டினார்.

“ஆனால் நாளைக்குப் போதகர் இருப்பார். முப்பது வீதமாய்ப் பூசிக்கொண்டு வாரும்.”